கோதுமை ரவையும் சல்லடை அடுக்கும்: என் செய்முறைத் தேர்வு

உணவுப் பொறியியல் செய்முறைத் தேர்வில் எனக்கு விழுந்தது அரைவையும் சல்லடைப் பகுப்பாய்வும். கோதுமையைச் சுத்தியல் ஆலையில் அரைத்து, 250 கிராம் எடுத்துச் சலித்து, சராசரித் துகள் அளவைச் சொல்ல வேண்டும்.

அரைப்பது எளிது. சலிப்பதில்தான் பொறுமை தேவை. ஈரம் இருந்தால் நுண்மாவு கம்பிக் கண்களை அடைத்துக்கொண்டு, கீழே இறங்க வேண்டிய துகள் மேலேயே தங்கிவிடும். அதனால் மாதிரியை முதலில் அடுப்பில் உலர்த்தினேன். வெறும் சல்லடைகளை எடை போட்டுக் குறித்த பிறகே அடுக்கினேன். ஆட்டும் கருவியில் 5 நிமிடம் ஓடியதும் அடித்தட்டை எடை பார்த்து, இன்னும் ஒரு நிமிடம் ஆட்டினேன். எடை மாறவில்லை. சலிப்பு முடிந்தது என்பதற்கு அதுவே அடையாளம், கடிகாரம் அல்ல.

மெஷ் என்பது ஓர் அங்குலத்தில் உள்ள கண்களின் எண்ணிக்கை; எண் கூடினால் கண் சிறிதாகும். 8 மெஷ்ஷில் 5 கிராம், 14இல் 40, 28இல் 90, 48இல் 60, 100இல் 35, அடித்தட்டில் 18 தேறின. மொத்தம் 248. காணாமல் போன 2 கிராம் தூசியாகப் பறந்தது. எனவே வகுக்க வேண்டியது 248ஆல், 250ஆல் அல்ல. அடித்தட்டுக்கு 0, 100 மெஷ்ஷுக்கு 1 என்று மேல்நோக்கி ஏறி, 8 மெஷ்ஷுக்கு 5 வரை பெருக்கிக் கூட்டினால் 610. வகுத்தால் நுண்மை எண் 2.46.

சராசரித் துகள் அளவு D = 0.104 × 2^2.46 = 0.57 மி.மீ.

புறத் தேர்வாளர் நேராக அந்த 0.104ஐப் பிடித்தார். இந்த அடுக்கில் ஒவ்வொரு சல்லடையின் கண்ணும் அடுத்ததைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. அதனால்தான் 2இன் அடுக்கு வருகிறது. 100 மெஷ்ஷின் கண் 0.147 மி.மீ. அதற்கும் அதன் பாதிக்கும் பெருக்குச் சராசரி 0.104, அதாவது அடித்தட்டு மாவின் அளவு என்று விளக்கினேன். தலையசைத்தார்.

அடுத்த கேள்விதான் உண்மையான தேர்வு: பாண்ட் விதியில் அரைவை ஆற்றலைக் கணக்கிட இந்த 0.57ஐ வைக்கலாமா? கூடாது. பாண்ட் கேட்பது 80 சதவீதத் துகள்கள் நுழைந்து செல்லும் கண்ணின் அளவு. என் அட்டவணையில் 14 மெஷ் வழியாக, அதாவது 1.18 மி.மீ. கண் வழியாக, ஏறத்தாழ 82 சதவீதம் இறங்கியிருந்தது. ஆகவே எடுக்க வேண்டியது சுமார் 1.15 மி.மீ. கோதுமை 4 மி.மீ. என்று கொண்டால், 0.57ஐப் போட்டவருக்கு ஆற்றல் கிட்டத்தட்ட இரு மடங்காக வரும். விடை பார்க்கச் சரியானது போலவே இருக்கும் என்பதால் இந்தப் பிழை கண்ணில் படாது.

இறுதியாக, "மைதா கொடுத்திருந்தால்?" என்றார். பெரும்பகுதி அடித்தட்டுக்கே போய்விடும். நுண்மை எண் பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்கும். இரண்டு மைதாக்களை அதை வைத்து வேறுபடுத்த முடியாது. 100 மெஷ்ஷைவிட நுண்ணிய சல்லடைகள் வேண்டும் என்றேன். பதிவேட்டில் கையெழுத்திட்டு, அடுத்த மாணவரைக் கூப்பிட்டார்.