சுடுகாற்று வராத நாட்கள்

ஜனவரி 13, திங்கள்

மார்க்கம் ரோட்டில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது ஹீட்டர் குளிர்காற்றை ஊதத் தொடங்கியது. குமிழ் முழுச் சூட்டில்தான் இருந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, கைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். டயாலிசிஸ் மெஷினில் இருந்து எழுந்து வரும் நாட்களில் அவருக்குக் குளிர் எலும்புக்குள் நிற்கும்.

நான் காற்றை மட்டும்தான் கவனித்தேன். வீட்டு வாசலில் திரும்பும்போதுதான் ஊசியைப் பார்த்தேன், சிவப்புக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே. எஞ்சின் கொதிக்கிறது, உள்ளே பனிக்காற்று. இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும்?

இரவு டோர்ச் அடித்துப் பார்த்தேன். கூலன்ட் போத்தலில் கோடு வரைக்கும் இருக்கிறது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பானை இறக்கிய கையோடு கீழ்வீட்டு அண்ணையைக் கூப்பிட்டேன். இருபது வருடம் கராஜில் நின்றவர். வந்தவர் போத்தலைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“எஞ்சின் ஆறிக் கிடக்குதோ? அப்ப ரேடியேட்டர் மூடியைத் திற தம்பி. போத்தலை நம்பாதை.”

திறந்தோம். தண்ணீர் கண்ணுக்கே தெரியவில்லை. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் ஏறக்குறைய இரண்டு லீட்டர் குடித்தது.

போத்தல் நிறைந்திருக்க ரேடியேட்டர் எப்படிக் காய்ந்தது என்று கேட்டேன். எஞ்சின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, போத்தலில் இருந்து இழுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் எங்கேயாவது கசிவு இருந்தால் அந்த வழியால் காற்றை இழுப்பதுதான் சுலபம். போத்தல் அப்படியே இருக்கும், உள்ளே காற்று சேரும்.

ஹீட்டருக்கென்று தனி நெருப்பு எதுவும் கிடையாது. டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ரேடியேட்டர், அதற்குள் எஞ்சினின் சுடுதண்ணீர் ஓடுகிறது, விசிறி அதன்மேல் காற்றை அடிக்கிறது, அவ்வளவுதான். அது உயரத்தில் இருப்பதால் தண்ணீர் குறைந்தால் அங்கேதான் முதலில் காற்று நிற்கும். எஞ்சின் எவ்வளவு கொதித்தாலும் அந்தச் சூட்டைச் சுமந்து வர அங்கே ஒன்றும் இல்லை. நேற்றைய கேள்விக்குப் பதில் இதுதான்.

அண்ணை போகும்போது சொன்னது தலைக்குள் நிற்கிறது. தண்ணீர் நன்றாகக் குறைந்தால் சூட்டை அளக்கும் சென்சாரும் காற்றில் தொங்குமாம், ஊசி பொய் சொல்லுமாம். அதனால் திடீரென்று குளிர்காற்று வந்தால் ஊசி நடுவில் இருந்தாலும் ஓரம் கட்ட வேண்டும். நேற்று அப்பாவை வைத்துக்கொண்டு எத்தனை விளக்கு தாண்டினேன்?

ஜனவரி 15, புதன்

ஆக்சிலரேட்டரை அழுத்தினால் சூடு, விளக்கில் நின்றால் குளிர். மூன்று விளக்கு, மூன்று தடவையும் அதேதான்.

திரும்பும் வழியில் ஊசி ஏறியது. கடை வாகன நிறுத்தத்தில் அணைத்துவிட்டு நின்றோம். அந்த நேரத்தில் மூடியைத் தொடவே கூடாது, அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் முகத்துக்கு அடிக்கும். என் ஜாக்கெட்டையும் அப்பாவுக்குப் போர்த்தினேன். “எனக்கு ஒண்டுமில்லை, நீ உள்ள வா” என்றார். விரல் நுனிகள் நீலமாக இருந்தன.

ஜனவரி 16, வியாழன்

விடிய ரேடியேட்டரைத் திரும்ப நிரப்பி, எஞ்சினைச் சூடாக்கி, துணி சுற்றிய கையால் குழாய்களைத் தொட்டுப் பார்த்தேன். மேல்குழாய் சுட்டது. கீழ்க்குழாய் பனிக்கட்டி. ஊசி ஏறிக்கொண்டே போகிறது. தெர்மோஸ்டாட் என்பது தண்ணீர் சூடேறினால் திறக்கும் சின்னக் கதவு, என் காரில் அது கீழ்க்குழாய் எஞ்சினுக்குள் நுழையும் இடத்தில் இருக்கிறது. அது திறக்காவிட்டால் ரேடியேட்டருக்குள் ஓட்டமே இல்லை.

எல்லாம் தெர்மோஸ்டாட்தான் என்று சந்தோஷப்பட்டேன். அண்ணை விடவில்லை. ஹீட்டருக்குப் போகும் பாதை தெர்மோஸ்டாட்டைச் சுற்றிப் போகிறது, அது மூடிய நிலையில் இறுகிவிட்டாலும் ஹீட்டர் சூடாகத்தான் ஊத வேண்டும். குளிராக ஊதுகிறது என்றால் காற்றும் சேர்ந்து இருக்கிறது. பிழை ஒன்றல்ல, இரண்டு.

கழற்றி எடுத்து வேண்டாத ஒரு தகர டின்னில் தண்ணீர் விட்டு, பழையதையும் புதியதையும் கம்பியில் தொங்கவிட்டு அடுப்பில் வைத்தேன். சமையல் பாத்திரத்தில் செய்யக்கூடாது, கூலன்ட் நஞ்சு. புதியது 82 டிகிரியில் நகக்கண் அளவு திறந்தது, 95 நெருங்கும்போது முழுதாக விரிந்தது. பழையது கொதிக்கும் தண்ணீரிலும் வாயைத் திறக்கவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு நிறைய நேரம் நின்றேன்.

இருட்டுக்குள் புதியதைப் பூட்டி நிரப்பினேன்.

ஜனவரி 17, வெள்ளி

இன்னும் குளிர்காற்று. அப்பாவைத் தங்கச்சி கூட்டிப் போனாள்.

ஜனவரி 18, சனி

பிழை என்னுடையது. தெர்மோஸ்டாட் விளிம்பில் சின்ன ஆணி ஒன்று ஆடிக்கொண்டிருக்கும், அது காற்று வெளியேறும் வாசல். அது மேலே, பன்னிரண்டு மணி நிலையில் இருக்க வேண்டும். அவசரத்தில் கீழே வைத்துப் பூட்டிவிட்டேன். பின்னால் காற்று தங்கிவிட்டால் தெர்மோஸ்டாட்டின் மெழுகுக்குச் சுடுதண்ணீர் சரியாகப் படாது, புதியதும் பிந்தித்தான் திறக்கும்.

திரும்பக் கழற்றி, திருப்பிப் பூட்டினேன். இந்த முறை அவசரப்படவில்லை. காரை வாசல் ஏற்றத்தில் மூக்கு மேலே பார்க்க நிறுத்தினேன், ரேடியேட்டர் வாய்தான் உயரமான இடமாக வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போதே வாயில் பெரிய புனலை இறுக்கிப் பொருத்தி அரைவாசி கூலன்ட் விட்டேன். ஹீட்டர் முழுச் சூட்டில், விசிறி மெதுவில். எஞ்சினைப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதலில் சின்னக் குமிழிகள். மேல்குழாயை அமுக்கி அமுக்கி விட்டேன், ஒவ்வொரு அமுக்கலுக்கும் இரண்டு மூன்று வந்தன. பிறகு திடீரென்று புனலில் இருந்த தண்ணீர் சட்டென்று உள்ளே இறங்கியது, தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது. ஊற்றினேன். அண்ணை உள்ளே இருந்து எஞ்சினை நிமிடத்துக்கு 2,500 சுற்றில் கொஞ்ச நேரம் பிடித்தார். கோழிமுட்டை அளவில் ஒரு குமிழி “களக்” என்று வந்து உடைந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ரேடியேட்டர் விசிறி இரண்டு தடவை ஓடி நிற்கும் வரை காத்திருந்தோம்.

ஹீட்டருக்குப் போகும் குழாய், திரும்பி வரும் குழாய் இரண்டையும் தொட்டேன். இரண்டும் சுட்டன. முன்பு ஒன்றுதான் சுட்டது.

உள்ளே ஏறி உட்கார்ந்தேன். சூடு. எஞ்சினை நிறுத்த மனம் வரவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

காலையில் ஆறிய பிறகு மூடியைத் திறந்தேன். அரைக் கப் குறைந்திருக்கிறது. மிச்சக் காற்று வெளியேறுவதாலும் முதல் நாள் கொஞ்சம் குறையும் என்கிறார் அண்ணை. ஆனால் முதலில் போன இரண்டு லீட்டர் எங்கே?

எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் ஹெட் கஸ்கெட் போய்விட்டதோ என்ற பயம்தான் இரவெல்லாம். அப்படி என்றால் இந்த வருமானத்தில் கார் முடிந்தது, பிறகு அப்பாவை எப்படிக் கூட்டிப் போவது? அண்ணை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எண்ணெயில் பால் நிறம் இல்லை. வெள்ளைப் புகை இல்லை. நேற்று குமிழிகள் நின்றுவிட்டன, கஸ்கெட் போயிருந்தால் எஞ்சினில் எரிந்த வாயு தண்ணீருக்குள் வந்துகொண்டே இருக்கும், குமிழி ஓயாது. காலடி விரிப்பும் ஈரமில்லை, ஹீட்டர் உள்ளே ஒழுகவில்லை.

கடைசியில் கண்ணாடியை வளைத்துப் பிடித்து, கூலன்டை ஓட்டும் பம்புக்கு அடியில் பார்த்தோம். சின்ன ஓட்டை, அதற்குக் கீழே காய்ந்த இளஞ்சிவப்புப் பொருக்கு, உப்புப் பூத்த மாதிரி. பம்பின் சீல் தேய்ந்தால் அந்த ஓட்டையால்தான் சொட்டுமாம்.

ஜனவரி 20, திங்கள்

காரில் சூடு. அப்பா போர்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

உள்ளே மெஷின் ஒருமுறை கத்தியது. நர்ஸ் வந்து குழாயைத் தட்டினாள். காற்றுக் குமிழி வந்தால் மெஷின் தானாகவே குழாயைப் பிடித்து நிறுத்திவிடும், பயப்படாதே என்றாள். நான் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 22, புதன்

இரண்டு விரல் குறைந்திருந்தது. நிரப்பினேன். போனோம், வந்தோம். ஊசி நடுவில்.

ஜனவரி 23, வியாழன்

பம்ப் நாளை மாலைதான் வருமாம். நாளை காலை ஏழு மணிக்கு அப்பா. டிக்கியில் கலந்த கூலன்ட் நான்கு லீட்டர், புனல், துணி, இரண்டாவது போர்வை. மூடியைத் திறந்து பார்க்க ஆறு மணிக்கு எழும்ப வேண்டும்.