எம்.எஸ்சி. புள்ளியியல் பிராக்டிகல்: என் ரெக்கார்டைக் காட்டிக்கொடுத்த 63

நேற்று ரிசல்ட் வந்தது. இரண்டாம் முயற்சியில் பிராக்டிகல் தேறிவிட்டேன். போன வருஷம் இதே பேப்பரில் அரியர் விழுந்தது கணக்கு தெரியாமல் அல்ல. காசைச் சுண்டாமலேயே 100 முடிவுகளை ரெக்கார்டில் எழுதி வைத்திருந்தேன். இந்த வருஷம் எழுதப்போகிறவர்கள் மற்ற யூனிட்டுகளை எப்படி வேண்டுமானாலும் படியுங்கள். சமவாய்ப்பு யூனிட்டில் ரெக்கார்டு எழுதும்போது மட்டும் நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

நடந்தது இதுதான். ரெக்கார்டு சமர்ப்பிக்க மறுநாள் கடைசி. ராத்திரி பதினோரு மணி, குரோம்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். 'ஒரு காசை 100 முறை சுண்டி, வரிசை சமவாய்ப்பானதா என்று ரன்ஸ் டெஸ்ட் மூலம் சோதிக்க' என்பது பயிற்சி. 100 முறை சுண்ட யாருக்குப் பொறுமை? மனசில் தோன்றியபடி தலை, பூ என்று எழுதிவிட்டேன். முதல் 20 இப்படி இருந்தன:

த பூ த த பூ பூ பூ த பூ த
பூ பூ த பூ த த பூ பூ த த

பார்ப்பதற்கு எவ்வளவு இயல்பாக இருக்கிறது! மொத்தத்தில் தலை 51, பூ 49. சரிபாதி வந்தால் சந்தேகம் வருமென்று வேண்டுமென்றே ஒன்று கூட்டி வைத்திருந்தேன். பிராக்டிகல் வகுப்பில் யாரும் இந்தப் பக்கத்தைப் படித்துப் பார்க்காமலேயே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. அப்போதே ஒருவர் நிறுத்திக் கேட்டிருந்தால் ஒரு வருஷம் போயிருக்காது.

வைவாவில் வெளித்தேர்வாளர் மேடம் என் கணக்கைத் தொடவேயில்லை. பென்சிலை எடுத்தார், தலை பூவாகவும் பூ தலையாகவும் மாறும் இடங்களில் எல்லாம் ஒரு சின்னக் கோடு போட்டார். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. அப்புறம் நிமிர்ந்து, "நூறு தடவை சுண்டியிருக்கீங்க, ஒரு தடவைகூட அஞ்சு தொடர்ச்சியா விழலையாம்மா?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. "சுண்டினீங்களா, எழுதினீங்களா?" என்றார். உண்மையைச் சொன்னேன்.

அவர் பார்த்தது என்ன என்பதை அந்த ஒரு வருஷத்தில் நன்றாகவே புரிந்துகொண்டேன்.

ஒரே முகம் தொடர்ந்து வரும் துண்டு ஒவ்வொன்றும் ஒரு ரன். மேலே இருக்கும் 20-இல் 13 ரன்கள். என் 100-இல் மொத்தம் 63. நேர்மையான காசில் எத்தனை வரும் என்பதற்கு வால்ட், வுல்ஃபோவிட்ஸ் இருவரும் 1940-இல் கொடுத்த சோதனை இருக்கிறது. சூத்திரம் உங்களுக்குத் தெரியும், என் எண்களை மட்டும் போட்டுக் காட்டுகிறேன்:

```
n1 = 51, n2 = 49, n = 100, R = 63
E(R) = 2*51*49/100 + 1 = 50.98
V(R) = 4998*(4998-100) / (100^2 * 99) = 24.73
Z = (63 - 50.98) / 4.97 = 2.42
```

51 ரன்கள் வர வேண்டிய இடத்தில் 63. மாறக்கூடிய இடங்கள் 99, அதில் நான் 62 இடங்களில் மாற்றியிருக்கிறேன். அதாவது 63%. நிஜக் காசுக்கு இது சுமார் 50%தான், ஏனென்றால் முன்னால் என்ன விழுந்தது என்று காசுக்கு ஞாபகம் இல்லை. எனக்கு இருந்தது. இரண்டு பூ எழுதியதுமே கை தானாகத் தலைக்குப் போனது. மூன்று பூ எழுதியபோது ஏதோ தப்பு செய்வது போலவே இருந்தது. மனிதர்கள் கற்பனையில் எழுதும் வரிசைகளை ஆராய்ந்த உளவியலாளர்களும் மாறும் விகிதம் 60% பக்கமாகப் போவதைத்தான் பார்த்திருக்கிறார்கள். என் எண் அதற்குப் பக்கத்திலேயே இருப்பதைப் பார்த்தபோது கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருந்தது.

காரணம் என்னவென்றால், 'நீண்ட நாளில் பாதிக்குப் பாதி' என்ற விதியை நாம் ஒவ்வொரு சின்னத் துண்டிலும் எதிர்பார்க்கிறோம். என் ரெக்கார்டில் வரிக்குப் பத்து. பத்து வரியிலும் தலைகளின் எண்ணிக்கை: 5, 5, 6, 4, 5, 5, 6, 5, 5, 5. நிஜக் காசில் ஒரு வரியில் 4 முதல் 6 தலை வர வாய்ப்பு 66%. பத்து வரியுமே அதற்குள் அடங்க வாய்ப்பு 1.5% மட்டும். நான் வரிக்கு வரி கணக்கை நேர் செய்துகொண்டே போயிருக்கிறேன், அது எனக்கே தெரியாது.

மேடம் முதலில் கேட்டது மிக நீளமான ரன்னைப் பற்றி. என்னுடையதில் அது 4. 100 சுண்டலில் 5 அல்லது அதற்கு மேல் நீளமான ரன் ஒன்றாவது வர வாய்ப்பு 97%. 6 அல்லது அதற்கு மேல் என்றால் 81%. 200 முறை சுண்டினால் அந்த ஆறு வர வாய்ப்பு 96%-ஐத் தாண்டிவிடும். ஹங்கேரியில் தமாஷ் வர்கா என்ற கணித ஆசிரியர் பெயரில் சொல்லப்படும் வகுப்பறைச் சோதனை இதை வைத்துத்தான்: பாதி மாணவர்கள் நிஜமாகச் சுண்டுவார்கள், மீதிப் பேர் கற்பனையில் எழுதுவார்கள், ஆசிரியர் நீளமான ரன் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் தாள்களை இரண்டாகப் பிரிப்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இந்த வருஷம் நிஜமாகவே சுண்டினேன். ஐந்து ரூபாய் காசு, கீழே விரித்த போர்வை, பக்கத்தில் நோட்டோடு என் தங்கை. முதல் 20:

த த பூ த பூ பூ பூ பூ பூ பூ
பூ த த த பூ த த பூ பூ த

ஏழு பூ தொடர்ந்து விழுந்தபோது தங்கையே எழுதுவதை நிறுத்திவிட்டு, "அக்கா, இதை இப்படியே எழுதினா பொய்னு சொல்லிடுவாங்க, நடுவுல ஒண்ணு மாத்திடலாமா?" என்றாள். எனக்கும் கை துறுதுறுத்தது. இந்த இடத்தில்தான் நிஜமான டேட்டாவும் கெட்டுப்போகிறது. மாற்றாதீர்கள். கடைசியில் தலை 46, பூ 54, ரன்கள் 47, Z = -0.74. இந்த முறை வந்த தேர்வாளர் அந்த ஏழைச் சுற்றி வட்டம் போட்டு, இப்படி வர எவ்வளவு வாய்ப்பு என்றார். 100 சுண்டலில் ஏழு அல்லது அதற்கு மேல் நீளமான ரன் வர பாதிக்கும் மேல், சுமார் 54% என்றேன். அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

வைவாவுக்கு முன் பார்க்க வேண்டியவை:

- மாற்றங்களை எண்ணி ஒன்றைக் கூட்டுங்கள். பத்துப் பத்தாக எழுதும்போது வரி முடிந்ததும் ரன்னும் முடிந்ததாக எண்ணாதீர்கள். என் பெஞ்சிலேயே இரண்டு பேர் அப்படித்தான் எண்ணியிருந்தார்கள். ஒன்பது வரி எல்லைகளில் சராசரியாக நாலைந்து ரன் இல்லாமலே கூடிவிடும், நேர்மையான டேட்டாவும் போலி மாதிரி தெரியும்.
- |Z| 1.96-ஐத் தாண்டியது, எனவே சமவாய்ப்பு அல்ல என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். Z கூட்டலா கழித்தலா என்று சொல்லுங்கள். ரன் அதிகமென்றால் மாறி மாறி வருகிறது, மனிதக் கை சந்தேகம். ரன் குறைவென்றால் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வருகிறது, மணிக்கு மணி எடுத்த வெப்பநிலை போல. அது போலி என்பதற்கு அடையாளம் அல்ல.
- ரன்களின் எண்ணிக்கை, நீளமான ரன், வரிக்கு வரி தலைகள் மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. அந்த நிகழ்தகவுகளைப் பெருக்கி 'கோடியில் ஒன்று' என்று எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். Z = 2.42 மட்டும் இருந்தால் ஒருவரைப் பொய்யர் என்று சொல்ல முடியாது. 60 பேர் நேர்மையாகச் சுண்டினாலும் சுமார் மூன்று பேர் 1.96-க்கு வெளியே விழுவார்கள். மேடம் என்னிடம் தீர்ப்பு சொல்லவில்லை, கேள்விதான் கேட்டார். கணினியில் ரேண்டம் எண் எடுத்து ஒட்டியிருந்தால் இந்தச் சோதனை எதையும் பிடித்திருக்காது. 20, 30 சுண்டல் மட்டும் இருந்தாலும் பிடிக்காது.

காசு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள், இலக்கங்களிலும் இதே கதைதான். ப்ராஜெக்டுக்காக என் வகுப்புத் தோழன் ஒருவன் சைதாப்பேட்டை பஸ் ஸ்டாப்பில் ஸ்டாப்வாட்சோடு நின்று, பயணிகள் காத்திருந்த நேரத்தை வினாடியில் குறித்தான். மொத்தம் 101 நேரங்கள். சமர்ப்பிக்கும் முன் என்னைப் பார்க்கச் சொன்னான். நான் ஒவ்வொரு எண்ணின் கடைசி இலக்கத்தை மட்டும் பார்த்தேன். அடுத்தடுத்த இரண்டு எண்களின் கடைசி இலக்கம் ஒன்றாக இருக்க பத்தில் ஒரு வாய்ப்பு. (வயது, வருமானம் மாதிரி மக்கள் 0, 5 என்று முழுதாக்கிச் சொல்லும் எண்களில் இந்தப் பத்தில் ஒன்று செல்லாது. ஸ்டாப்வாட்ச் வினாடியில் செல்லும்.) 41-ஆவது எண்ணுக்குப் பிறகு பேனா மை நீலத்திலிருந்து கறுப்புக்கு மாறியிருந்தது. அதுவரை 40 ஜோடிகளில் ஐந்து ஒன்றாக இருந்தன. அதற்குப் பிறகு வந்த 60 ஜோடிகளில் ஒன்றுகூட இல்லை. சராசரியாக ஆறு வர வேண்டிய இடத்தில் பூஜ்யம். 0.9-ஐ 60 முறை பெருக்கினால் 0.0018.

"கறுப்பு மைல எழுதினது எங்கடா எடுத்தே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. இருட்டிவிட்டது, மழையும் வந்தது, ரூமுக்கு வந்து எழுதினேன் என்றான். நான் யாரிடமும் சொல்லவில்லை, போன வருஷ ரெக்கார்டை எடுத்து பென்சில் கோடுகளைக் காட்டினேன். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் குடையோடு மறுபடி சைதாப்பேட்டைக்குப் போனான்.