அம்மாவின் போனை மாற்றினோம்: எண்ணிப் பார்த்துப் போட்ட டிக்குகள்

அம்மா வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறார். அவருடைய போன்தான் அவருடைய அளவு நோட்டு. வாடிக்கையாளர் பெயரோடு அளவையும் சேர்த்தே நம்பரைச் சேமிப்பார்: "டீச்சர் 36 கை 10", "பேங்க் அக்கா 38 கழுத்து 7". யார் போன் செய்தாலும் பெயரோடு அளவும் திரையில் வந்துவிடும்.

2020-ல் இதற்கு முந்தைய போனை மாற்றியபோது, வாங்கிய கடையிலேயே "நம்பர் எல்லாம் மாத்தித் தர்றோம்" என்றார்கள். எல்லா எண்களையும் சிம்முக்குக் காப்பி செய்து, சிம்மைப் புதுப் போனில் போட்டுக் கொடுத்தார்கள். எண்கள் வந்தன, அளவுகள் வரவில்லை. சிம்மில் ஒரு பெயருக்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறியது, தமிழில் எழுதினால் இன்னும் சுருங்கும். "டீச்சர்" என்பதோடு வெட்டுப்பட்டுப் போயிருந்தது. ஒரே பெயரில் இரண்டு எண் வைத்திருந்தவர்களுக்கு ஒன்றுதான் மிஞ்சியது. பழைய போனை அதற்குள் எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாயிற்று. அம்மா மறுபடி எல்லோரையும் அளவெடுக்க நான்கு மாதம் ஆனது.

இந்த முறை திரையில் கோடு விழ ஆரம்பித்ததுமே நான் ஊருக்குப் போய்விட்டேன். நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பட்டியல் எழுதிக்கொண்டேன். வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான். காப்பி முடிந்தது என்று போன் சொன்னால் டிக் கிடையாது. இந்தப் பக்கம் எத்தனை, அந்தப் பக்கம் எத்தனை என்று எண்ணி, இரண்டும் பொருந்தினால்தான் டிக்.

☑ தொடர்பு எண்கள்

முதலில் எண்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்த்தேன். தொடர்புகள் செயலியின் மெனுவில், எந்தக் கணக்கில் உள்ள பெயர்களைக் காட்டவேண்டும் என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். அம்மாவின் போனில் கூகுள் கணக்கில் 231, போனுக்குள்ளேயே 148, சிம்மில் 43. புதுப் போனில் கூகுள் கணக்கைப் போட்டதும் தானாக வருவது அந்த 231 மட்டும்தான். மீதி இரண்டும் வராது. பாதிப் பேர் காணாமல் போவது பெரும்பாலும் இப்படித்தான். அழிந்துபோவது எதுவும் இல்லை, வேறொரு அலமாரியில் இருந்ததை யாரும் எடுக்காமல் விட்டிருப்பார்கள்.

போனுக்குள் இருந்த 148-ஐ `Export to file` மூலம் contacts.vcf என்ற கோப்பாக எடுத்து, லேப்டாப்பில் போட்டேன். அதை நோட்பேடில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் இருக்கவேண்டிய இடத்தில் `=E0=AE=9F=E0=AF=80` என்று வரிவரியாக ஓடும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைக்கவேண்டாம். தமிழ் எழுத்துகளை அந்தக் கோப்பு அப்படித்தான் எழுதி வைக்கும், திரும்ப ஏற்றும்போது சரியாக வந்துவிடும். இந்த ஆறு அடையாளங்களில் இருப்பது "டீ".

எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்க்க விண்டோஸில் ஒரு வரி போதும். கோப்பு இருக்கும் ஃபோல்டரில் கமாண்ட் பிராம்ட் திறந்து இதை அடித்தேன்:

```
find /c "BEGIN:VCARD" contacts.vcf
```

148 என்று வந்தது. பிறகு contacts.google.com தளத்தில் அம்மாவின் கணக்கில் நுழைந்து, `Import` மூலம் அந்தக் கோப்பை ஏற்றினேன். சிம்மில் இருந்த 43-ஐப் போனிலிருந்தே கூகுள் கணக்குக்கு இறக்கினேன். தளத்தில் மொத்தம் 422 காட்டியது. 231, 148, 43 கூட்டினால் அதேதான். அதற்குப் பிறகுதான் இரட்டைப் பதிவுகளை ஒன்று சேர்த்தேன், 371 ஆனது. சேர்ப்பதை முதலில் செய்திருந்தால் எண்ணிக்கை பொருந்துகிறதா என்று பார்க்க வழியே இருந்திருக்காது.

இன்னொன்றும் செய்தேன். "டீச்சர் 36 கை 10" முழுதாக இருக்கிறதா என்று அம்மாவையே தேடிப் பார்க்கச் சொன்னேன். இருந்தது. ஆனால் சிம்மிலிருந்து வந்த வெறும் "டீச்சர்" தனியாக இன்னொன்றும் இருந்தது. இரண்டுக்கும் ஒரே எண். வெட்டுப்பட்டதை அம்மா தன் கையாலேயே நீக்கினார்.

☑ கேமராவில் எடுத்த படங்கள்

கூகுள் போட்டோஸில் எல்லாம் ஏறியிருக்கும் என்று அம்மா நம்பியிருந்தார். பேக்கப் ஆன் செய்துதான் இருந்தது. ஆனால் கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடம் படத்துக்கு மட்டுமில்லை, ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் சேர்த்துத்தான். அது நிரம்பி, ஏழு மாதமாக எதுவும் ஏறாமல் நின்றிருந்தது. இடம் இல்லை என்ற அறிவிப்பை அம்மா தினமும் விரலால் தள்ளிவிட்டிருக்கிறார். ஆகவே போட்டோஸில் பேக்கப் ஆனா ஆஃபா என்று பார்ப்பது போதாது. இணையத்தில் photos.google.com திறந்து, அங்கே கடைசியாக இருக்கும் படம் எந்தத் தேதி என்று பார்க்கவேண்டும்.

இடம் காலி செய்யலாம் என்று அந்தச் செயலியில் பழைய படங்களை அழிக்க மட்டும் கூடாது. ஏறிய படத்தை அங்கே அழித்தால் போனிலும் போகும், இணையத்திலும் போகும்.

நான் ஒயர் வழியாகவே எடுத்தேன். முதலில் செருகிய ஒயரில் சார்ஜ் மட்டும் ஏறியது, லேப்டாப்பில் போன் தெரியவே இல்லை. சில ஒயர்களில் டேட்டா போகும் கம்பியே இருக்காது. வேறு ஒயர் மாற்றி, போனில் வரும் யுஎஸ்பி அறிவிப்பைத் தொட்டு `File transfer` தேர்ந்தெடுத்ததும் தெரிந்தது.

DCIM ஃபோல்டருக்குள் Camera. போனின் கோப்பு மேலாளரில் அந்த ஃபோல்டரின் விவரத்தைப் பார்த்தால் 2,846 கோப்புகள். மொத்தமாக இழுத்துப் போட்டேன். ஒரு பெரிய வீடியோவில் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு பட்டை நகர்ந்து முடிந்தது. லேப்டாப்பில் எண்ணினால் 2,791. ஐம்பத்தைந்து குறைகிறது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. எண்ணாமல் விட்டிருந்தால் தெரிந்தே இருக்காது.

படங்களின் பெயரிலேயே தேதி இருப்பதால் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. இரண்டு பக்கமும் பெயர் வரிசைப்படி அடுக்கினேன். IMG_20221019 என்று தொடங்குபவை வரை பொருந்தி, அடுத்து சில நாட்கள் அங்கே இருந்தன, இங்கே இல்லை. தீபாவளி நெருக்கத்தில் முடித்த பிளவுஸ்களின் படங்கள். அவற்றை மட்டும் மறுபடி எடுத்தேன், சரியாக 55. இனி ஆயிரக்கணக்கில் ஒரே மூச்சில் இழுக்கமாட்டேன், ஐந்நூறு ஐந்நூறாகத்தான். கடைசியில் கோப்புகளை அளவு வாரியாக அடுக்கி, பூஜ்ய அளவில் ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்தேன். பெயர் மட்டும் வந்து படம் வராதவை அங்கே மாட்டிக்கொள்ளும். ஒன்றும் இல்லை.

☑ வாட்ஸாப்பில் வந்த டிசைன்கள், ஆவணங்கள்

அம்மாவுக்கு உயிர் இதுதான். வாடிக்கையாளர்கள் அனுப்பும் கழுத்து டிசைன்கள் Camera ஃபோல்டரில் இருக்காது. கூகுள் போட்டோஸிலும் இந்த ஃபோல்டரைத் தனியாக ஆன் செய்தால்தான் ஏறும். இருக்கும் இடம் இது:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media
```

சில பழைய போன்களில் WhatsApp என்ற ஃபோல்டர் வெளியிலேயே இருக்கும், இரண்டு இடத்தையும் பார்த்துவிடுவது நல்லது. உள்ளே WhatsApp Images, WhatsApp Documents, WhatsApp Voice Notes என்று தனித்தனியாக இருக்கும். அனுப்பியவை Sent என்ற உள்ஃபோல்டரில்.

படங்கள் போனில் 6,120, லேப்டாப்பில் 6,121. ஒன்று எப்படிக் கூடும் என்று தேடினால் .nomedia என்றொரு கோப்பு. கேலரி அந்த ஃபோல்டரைக் காட்டவேண்டாம் என்பதற்காக வைக்கும் வெற்றுக் கோப்பு அது. போன் அதை மறைத்து வைக்கும், லேப்டாப் எண்ணிவிடும். ஒன்றிரண்டு கூடினால் இதுபோலத்தான் இருக்கும். குறைந்தால்தான் விடாமல் தேடவேண்டும்.

புதுப் போனுக்கு மாற்றிய பிறகு இந்தப் படங்கள் எல்லாம் கேலரியில் இன்றைய தேதியில் குவிந்தன. வாட்ஸாப் வழியாக வரும் படத்தில் எடுத்த தேதி தங்காது. அம்மா "பொங்கலுக்கு முன்னாடி அனுப்பினது" என்றுதான் தேடுவார். நல்லவேளை, பெயரில் இருக்கிறது: IMG-20230108-WA0012 என்றால் 2023 ஜனவரி 8. கோப்பு மேலாளரில் பெயர் வாரியாக அடுக்கப் பழக்கினேன், இப்போது அவரே மாதம் பார்த்து எடுத்துவிடுகிறார்.

ஆவணங்கள் ஃபோல்டரில் வீட்டு வரி ரசீது, இன்சூரன்ஸ் பாலிசி, ஆதார் பிடிஎஃப். எண்ணியதோடு விடாமல் முக்கியமானவற்றைத் திறந்தும் பார்த்தேன். ஆதார் பிடிஎஃப் பாஸ்வேர்டு கேட்டது. பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்து பெரிய எழுத்தில், பின்னால் பிறந்த வருடம். பாலிசிக்கு என்ன பாஸ்வேர்டு என்பது பழைய மெயிலில் இருந்தது, அதையும் தாளில் குறித்துக்கொண்டேன்.

உரையாடல்களை வாட்ஸாப்பின் அமைப்புகளில் Chats என்பதற்குள் இருக்கும் `Transfer chats` மூலம், இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து, கியூஆர் கோடு காட்டி நேராக மாற்றினேன். கூகுள் கணக்கில் இடம் இல்லாதவர்களுக்கு இதுதான் வழி.

☑ வங்கி, யுபிஐ

காப்பி எடுக்க எதுவும் இல்லை. சிம்மைப் புதுப் போனில் போட்டு, அதிலிருந்து எஸ்எம்எஸ் போய்ப் பதிவாகவேண்டும். எஸ்எம்எஸ் போகும் அளவுக்கு ரீசார்ஜ் இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொண்டேன்.

☐ பழைய போனை அழிப்பது

இந்தக் கட்டத்தை மூன்று வாரம் காலியாகவே விட்டேன். சிம் இல்லாத பழைய போனை சார்ஜ் போட்டுத் தையல் மெஷின் டிராயரில் வைத்தோம். ஒன்பதாம் நாள் அம்மா போன் செய்தார். "அந்த நோட்ஸ்ல யாரு எவ்வளவு பாக்கின்னு எழுதி வச்சிருந்தேனே, அது எங்கடா?"

போனோடு வந்த நோட்ஸ் செயலியில் எழுதியிருக்கிறார். அது எந்த ஃபோல்டரிலும் கோப்பாக இல்லை, என் பட்டியலிலும் இல்லை. டிராயரிலிருந்து போனை எடுத்து ஒவ்வொரு குறிப்பையும் ஷேர் செய்து அவருடைய மெயிலுக்கே அனுப்பச் சொன்னேன். பதினாறு குறிப்புகள், பதினாறு மெயில்கள். எண்ணிய பிறகு தாளில் "நோட்ஸ்" என்று எழுதி டிக் போட்டார்.

மூன்றாம் வாரம் மறுபடி ஊருக்குப் போனபோது, முதலில் பழைய போனிலிருந்து கூகுள் கணக்கை நீக்கினேன். நீக்காமல் ரீசெட் செய்திருந்தால், அடுத்து அதைத் திறப்பவர்களிடம் அம்மாவின் கணக்குப் பாஸ்வேர்டைக் கேட்டு நின்றிருக்கலாம். பிறகு ரீசெட் கொடுத்தேன். கடைசிக் கட்டத்தில் அம்மாதான் டிக் போட்டார், துணியில் கோடு போடும் சாக்பீஸால்.