கல்யாணமும் கம்பெனி விழாவும் ஒரே பெயருக்குள்

தொழில்களுக்குப் பெயரும் முத்திரையும் வடிவமைத்துக் கொடுப்பது என் வேலை. அதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது கோயம்புத்தூரில் ஒரு அண்ணனும் தங்கையும் நடத்தும் நிகழ்ச்சி ஏற்பாட்டுத் தொழில். அப்பா பந்தல்காரர். அவர் காலத்தில் பெயர்ப்பலகையில் அவர் பெயரும் 'பந்தல் அலங்காரம்' என்பதும் இருந்தன. ஊருக்குள் அது போதுமானதாகவும் இருந்தது. பிள்ளைகள் தலையெடுத்த பிறகு பம்ப் கம்பெனிகளின் டீலர் மீட், மில்களின் ஆண்டு விழா எனக் கை நீண்டது.

இரண்டையும் ஏன் செய்ய வேண்டும், ஒன்றைப் பிடித்துக்கொண்டு போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இந்தத் தொழிலில் ஆடியும் மார்கழியும் இருக்கின்றன. அந்த மாதங்களில் மண்டபம் காலியாகக் கிடக்கும், ஆனால் பந்தல் ஆட்களுக்கும் லைட்மேனுக்கும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். கம்பெனிகளுக்கு ஆடி கிடையாது. ஆகவே இரண்டும் சேர்ந்தால்தான் ஆட்களை வருஷம் முழுக்க வைத்துக்கொள்ள முடியும். அப்படியானால் பெயர் எந்தப் பக்கமும் சாயாமல் இருக்க வேண்டும், அதே நேரத்தில் 'இவங்க எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யறவங்க' என்று தோன்றவும் கூடாது.

முதலில் அவர்கள் கொண்டுவந்த பட்டியலில் பாதிக்கு மேல் முகூர்த்தம், மாங்கல்யம், சுபம் என்ற வகை. நல்ல சொற்கள்தான். ஆனால் ஒரு பர்ச்சேஸ் மேலாளர் மூன்று கொட்டேஷனை மேஜையில் வைத்து மேலதிகாரியிடம் ஒப்புதல் வாங்கப்போகிறார் என்று வையுங்கள். மேலே 'மாங்கல்யம்' என்று இருந்தால், 'கல்யாண பார்ட்டியை ஏன் கூப்பிட்டீங்க?' என்ற கேள்விக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தச் சிரமத்தை அவருக்கு நாம் கொடுக்கக்கூடாது. மறுபாதி 'சொல்யூஷன்ஸ்', 'கான்செப்ட்ஸ்' வகை. அதைப் பார்க்கிற பெண்வீட்டு அம்மாவுக்கு, இவர்களுக்கு நம் முறை தெரியுமா, சம்பந்தி வீட்டாரை வாசலில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கவலைதான் வரும். 'வெடிங்ஸ் அண்ட் கார்ப்பரேட் ஈவென்ட்ஸ்' என்று இரண்டையும் பெயரிலேயே எழுதிவிடலாம் என்றார் அண்ணன். அதுதான் உண்மையிலேயே கவனம் சிதறியதாகத் தெரியும். செய்கிற வேலைகளையெல்லாம் பெயருக்குள் அடுக்கினால் எதுவும் நினைவில் நிற்காது.

அதனால் பெயரை ஓரமாக வைத்துவிட்டு, இரு பக்கமும் பழைய வாடிக்கையாளர்கள் சிலரிடம் பேசினேன். போன விசேஷத்தில் எதற்குப் பயந்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். ஒரு மில் மனிதவள மேலாளர், தலைமை விருந்தினர் பத்தரைக்கு வரும்போது வாசலில் ஆள் இல்லாமல் போய்விடுமோ என்று பயந்ததாகச் சொன்னார். ஒரு பெண்ணின் அப்பா, மாப்பிள்ளை வீட்டாரின் பஸ் வந்து நிற்கும்போது காபி தயாராக இருக்க வேண்டுமே என்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்றார். முகூர்த்த நேரமும் சேர்மன் பேச்சு நேரமும் நகராதவை. அலங்காரத்தைப் பற்றி இருவருமே பிறகுதான் பேசினார்கள். ஆக, இந்த நிறுவனம் இரண்டு இடத்திலும் விற்பது ஒன்றைத்தான்: நேரம் தவறாமல், வந்தவர்களை வந்தவர்களாக நடத்துவது. பெயர் அங்கிருந்துதான் வர வேண்டும் என்று முடிவு செய்தோம். விழாவைச் சொல்லாமல், விழா நடக்கிற இடத்தைச் சொல்லலாம் என்று தோன்றியது.

அப்புறம் வந்த சொற்களை ஒவ்வொன்றாகக் கழித்தோம். 'விழா' எல்லோருக்கும் புரியும். ஆனால் Vizha என்று எழுதினால் வடநாட்டு மேலாளர் 'விசா' என்று படிக்கிறார். ழகரம் உள்ள பெயரைத் தொலைபேசியில் எழுத்துக் கூட்டிச் சொல்லியே பொழுது போய்விடும். 'கூடல்' அழகு, ஆனால் அதன் இன்னொரு பொருள் கல்யாணப் பத்திரிகைப் பக்கத்தில் நெருடும். 'மேடை' கிட்டத்தட்ட நிலைத்துவிட்டது. மணமேடையும் அதுதான், பரிசளிப்பு மேடையும் அதுதான். ஆனால் இவர்கள் மேடையே போடுகிறவர்கள். வர்த்தகச் சின்னச் சட்டம், 1999-இன் 9-ஆம் பிரிவின்படி, செய்கிற வேலையை அப்படியே வர்ணிக்கிற சொல்லைப் பதிவு செய்வது கடினம்.

கடைசியில் 'முற்றம்' நின்றது. பழைய வீடுகளில் பந்தல் போட்டு உறவைக் கூட்டியதும் முற்றத்தில், பஞ்சாயத்துப் பேசியதும் முற்றத்தில். அர்த்தம் தெரியாதவருக்கும் வாயில் எளிதாக வருகிறது. கீழே ஒரு வரி மட்டும் மாறும்: வீட்டுக்காரர்களுக்குப் போகும் அட்டையில் 'திருமணம், வீட்டு விசேஷங்கள்', கம்பெனிகளுக்குப் போகும் கொட்டேஷனில் 'நிறுவன நிகழ்ச்சிகள்'. படத் தொகுப்பும் அப்படியே இரண்டாகப் பிரிந்தது. டீலர் மீட் கேட்டவருக்கு மாலை மாற்றும் படத்தைக் காட்டுவதில்லை. பெயர் ஒன்றாக இருந்து, காட்டுவது தனித்தனியாக இருந்தால் குழப்பம் வருவதில்லை என்பதுதான் நான் கண்டது.

இங்கே ஒரு விஷயத்தில் கறாராக இருந்தேன்: எழுத்துக்கூட்டல். Mutram, Muttram என்று இரண்டு விதமாகவும் எழுதலாம். ஒரே டீ போதும் என்று முடிவு செய்து, ஜிஎஸ்டி சான்றிதழின் வணிகப் பெயர், நடப்புக் கணக்கு, ரத்து செய்த காசோலை, லெட்டர்பேட் எல்லாவற்றிலும் அதையே வைத்தோம். தனியுரிமைத் தொழில் என்பதால் சான்றிதழில் சட்டப்பெயராக அண்ணன் பெயர் இருக்கும், வணிகப் பெயர் தனியாக வரும். கம்பெனிகள் வெண்டராகப் பதியும்போது பான், ஜிஎஸ்டி, காசோலை மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு எழுத்து வித்தியாசம் என்றாலும் கணக்குப் பிரிவு பில்லை நிறுத்திவைத்துவிடும். கல்யாண வீட்டில் யாரும் இதைப் பார்ப்பதில்லை, ஆனால் கம்பெனியில் முதலில் பார்ப்பதே இதைத்தான்.

வர்த்தகச் சின்னத்துக்கு விண்ணப்பிக்கும்போதும் இரட்டைத் தொழில் தலைகாட்டியது. எந்த வகை வேலைக்கு அந்தப் பெயர் என்பதை எண்ணிட்ட வகுப்புகளாகப் பிரித்துத்தான் பதிவார்கள். கல்யாணச் சடங்குகளை ஏற்பாடு செய்வது 45-ஆம் வகுப்பில் வருகிறது. கருத்தரங்கு, கலைநிகழ்ச்சி 41. வணிகக் கண்காட்சி 35. ஒரு வகுப்பில் மட்டும் பதிந்தால் மற்றப் பக்கம் திறந்தே கிடக்கும். தனிநபருக்கும் சிறுநிறுவனத்துக்கும் இணையத்தில் விண்ணப்பித்தால் வகுப்புக்கு 4,500 ரூபாய். மூன்றுக்கும் 13,500 ரூபாய் கட்டச் சொன்னேன். தேடும்போது எழுத்தை வைத்து மட்டும் பார்க்காமல், ஒலி ஒத்த பெயர்களையும் பார்க்கச் சொன்னேன். வர்த்தகச் சின்னப் பதிவகத்தின் தளத்தில் அதற்குத் தனித் தேடல் இருக்கிறது.

போன மாதம் தங்கை அழைத்தார். "அண்ணா, ப்ரைடல் மேக்கப்பும் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். அதுக்கும் முற்றம்னே போட்டுக்கலாங்களா?" வேண்டாம் என்றேன். மேக்கப்புக்கு வருபவர்கள் ஒரு ஆளின் கையை நம்பி வருகிறார்கள், கூட்டத்தை நடத்தும் திறமைக்காக வருவதில்லை. அழகுக்கலை 44-ஆம் வகுப்பு. அதற்கும் தனியாகப் பதிய வேண்டும். மில் மேலாளரின் கொட்டேஷனில் இருக்கிற பெயர் முகூர்த்தப் பெண்ணின் மேக்கப் படத்தின் கீழும் இருந்தால், நாம் பிரித்து வைத்தது மறுபடி கலந்துவிடும். அதற்கு உங்கள் சொந்தப் பெயரையே வைத்துக்கொள்ளுங்கள், உங்களைத் தேடித்தானே வருவார்கள் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.