கோப்பை மூடுவதா, வரியை மறைப்பதா?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு வந்ததும் சில அலுவலகங்களில் கோப்பைத் தேடுவதற்கு முன்பே, விலக்குகளைப் பட்டியலிடும் பிரிவு 8(1)-இல் மறுக்க எந்த உட்பிரிவு உதவும் என்று தேடத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் விலக்கு என்பது கோப்பிலுள்ள குறிப்பிட்ட தகவலுக்குத்தான். அதைப் பிரித்தெடுக்க முடிந்தால் மீதியைத் தரலாம் என்கிறது பிரிவு 10.

வீடு கட்டும் மானியம் பெற்றவர்களின் பட்டியலை ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் பெயர், ஊர், தொகை, தவணை தேதி ஆகியவற்றோடு ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைப்பேசி எண் எல்லாம் இருக்கும். 'தனிப்பட்ட தகவல், 8(1)(ஜே)-இன்படி தர இயலாது' என்று ஒற்றை வரியில் பதில் போய்விடும்.

முன்பு அப்படி மறுப்பது அவ்வளவு எளிதல்ல. கேட்ட தகவலுக்குப் பொதுப்பணியோடு தொடர்பில்லை அல்லது அது அந்தரங்கத்தில் தேவையற்ற தலையீடு என்று காட்ட வேண்டியிருந்தது. 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்த திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபின், 'தனிப்பட்ட தகவல்' என்பதே போதும் என்றாகிவிட்டது. மறுக்க நினைப்பவருக்கு இது பெரிய வசதி.

ஆனாலும் இரண்டு பிடிகள் மிச்சம். மானியத் திட்டங்களின் தொகையையும் பயனாளிகள் விவரத்தையும் அரசே முன்வந்து வெளியிட வேண்டும் என்ற 4(1)(பி) பிரிவில் திருத்தம் இல்லை. தீங்கைவிடப் பொதுநலன் மேலோங்கினால் தரலாம் என்ற 8(2)-உம் அப்படியே இருக்கிறது. மேல்முறையீட்டு மனுவில் இவ்விரண்டையும் எழுதி, 'எண்களை மறைத்துத் தாருங்கள்' என்றும் கேட்டால் மறுப்பவர் காரணம் சொல்லியாக வேண்டும். மறுத்தது சரியே என்று நிரூபிக்கும் பொறுப்பு தகவல் அலுவலருடையது என்கிறது 19(5). மறுப்பு கிடைத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

நாட்டின் பாதுகாப்பைச் சொல்லும் 8(1)(ஏ)-யிலும் இதே அளவுகோல்தான். ஓர் அலுவலகத்தின் கண்காணிப்புக் கேமராக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்ற வரைபடத்தை மறுப்பதில் நியாயம் உண்டு. எத்தனை வாங்கினார்கள், என்ன விலைக்கு வாங்கினார்கள் என்பதை மறுக்க என்ன இருக்கிறது? வெளியானால் என்ன தீங்கு, எப்படி நேரும் என்று மறுப்பாணையில் ஒரு வரிகூட இல்லையென்றால், உட்பிரிவின் எண்ணை மட்டும் நகலெடுத்திருக்கிறார்கள் என்று பொருள். உளவுத் துறை போன்ற, இரண்டாம் அட்டவணையிலுள்ள அமைப்புகளுக்கு முழு விலக்கு உண்டு. அங்கும் ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய குற்றச்சாட்டு சார்ந்த தகவலைக் கேட்கலாம்.

சரியாக முடிவெடுத்த பிறகும் மறைக்கும் வேலையில் சறுக்குகிறவர்கள் உண்டு. மார்க்கரால் அடித்த தாளை அப்படியே அனுப்பினால், வெளிச்சத்தில் பிடித்ததும் எண் தெரிந்துவிடும். அடித்ததை மறுபடி நகலெடுத்து அந்த நகலை அனுப்ப வேண்டும். பிடிஎஃப் கோப்பில் எழுத்தின் மேல் கறுப்புப் பெட்டி வரைந்தால் அடியிலுள்ள எழுத்து அங்கேயே இருக்கும். தேர்ந்தெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் ஆதார் எண் முழுதாக வந்து நிற்கும்.