வலை எழுத்துத் தேர்வு, இரண்டாம் தாள்: முதலில் தலைப்புகளை எழுதி முடியுங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது, பாஸ். இரண்டாம் தாளில் நல்ல மதிப்பெண், முதல் தாளில் மட்டும் மயிரிழையில் தப்பியிருக்கிறேன். அந்த எரிச்சலைக் கடைசியில் கொட்டுகிறேன். தேர்வு எப்படி இருக்கும், எத்தனை பகுதி என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதனால் நேரே மாற்றி எழுதும் கேள்விக்குப் போய்விடலாம். அடர்த்தியான ஒரு பத்தியைக் கொடுத்து, மேலோட்டமாகப் பார்த்துப் போகிறவருக்கும் விஷயம் பிடிபடுகிற வலைப்பக்கமாக மாற்றச் சொல்வார்களே, அதைப் பற்றித்தான் முழுக்க எழுதப் போகிறேன்.

என் முறை ஒன்றே ஒன்றுதான். பத்தியை ஒரு தடவை படித்ததும் தலைப்புகளை மட்டும் எழுதுவேன். கீழே ஒரு வரிகூட எழுத மாட்டேன். அந்தத் தலைப்புகளை மட்டும் மேலிருந்து கீழே படித்தால் பக்கத்தின் பதில் கிடைக்க வேண்டும். கிடைக்காதவரை உள்ளே போவதில்லை. பொறுமையாக எழுதிக்கொண்டே யோசிக்கிறவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கலாம், நான் அவசரக்கார ஆள், எனக்கு இதுதான் ஒத்துவந்தது.

பயிற்சிக்கு ஒரு பத்தி

தேர்வில் வந்ததை அப்படியே போடக் கூடாது. அதே மாதிரி ஒன்றை நானே எழுதியிருக்கிறேன்:

> எங்கள் நிறுவனத்தின் மூலம் வாங்கப்பட்ட பொருட்களில் ஏதேனும் குறைபாடு இருப்பதாகவோ அல்லது எதிர்பார்த்த அளவில் அமையவில்லை எனவோ வாடிக்கையாளர் கருதும் பட்சத்தில், பொருள் பெறப்பட்ட நாளிலிருந்து 14 நாட்களுக்குள், பயன்படுத்தப்படாத நிலையில், அசல் உறையுடனும் ரசீதுடனும் திருப்பி அனுப்பப்படுமாயின், அதற்கான தொகை ஆய்வுக்குப் பின் 7 வேலை நாட்களுக்குள் பணம் செலுத்திய அதே வழியில் திருப்பி வழங்கப்படும்.

ஒரே வாக்கியம், 41 சொற்கள். நீளத்தை விடப் பெரிய சிக்கல் வேறு. தமிழில் வினை கடைசியில்தான் வரும். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட குறிப்புகள் எல்லாம் "முக்கியமானதை வாக்கியத்தின் முதலில் வை" என்று சொல்லிவிட்டுப் போய்விடும். நம் வாக்கியத்தில் முதலில் வருவது நிபந்தனை, அடுத்து எச்சங்கள், 'வழங்கப்படும்' என்ற உயிர்நாடியான சொல் கடைசியில். மேலோட்டமாகப் பார்க்கிறவர் முதல் இரண்டு மூன்று சொல்லைப் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குத் தாவுவார், அவர் கண்ணில் பட்டது 'எங்கள் நிறுவனத்தின் மூலம்' மட்டும்தான்.

இதற்கு வினையை இழுத்து முன்னால் போட்டுச் செயற்கையாக எழுத வேண்டியதில்லை. வாக்கியத்தைச் சின்னதாக்கினால் போதும், வினை தானாகவே பக்கத்தில் வந்துவிடும். பிரிட்டன் அரசுத் தளத்தின் எழுத்து வழிகாட்டியில் ஒரு வாக்கியம் 25 சொல்லைத் தாண்ட வேண்டாம் என்று இருக்கிறது, அது ஆங்கிலக் கணக்கு. 'அனுப்பப்படுமாயின்' என்ற ஒரே சொல்லை ஆங்கிலத்தில் நாலைந்து சொல்லாக எழுதுவார்கள். நான் தமிழுக்கு 12, 13 சொல்லில் நிறுத்திக்கொள்கிறேன். இது எந்த விதியும் இல்லை, என் கைக்கணக்கு.

தலைப்பு பொய் சொல்லக் கூடாது

மேலே உள்ள பத்திக்குப் பயிற்சி வகுப்பு மாதிரி விடைகள் பாணியில் தலைப்பு போட்டால் இப்படி வரும்:

- பொருள் திருப்புதலுக்கான கால வரம்பு
- பொருள் திருப்புதலுக்கான நிபந்தனைகள்
- பொருள் திருப்புதலுக்கான தொகை வழங்கல்

பார்க்க ஒழுங்காக இருக்கிறது. ஆனால் மூன்றும் ஒரே இரண்டு சொல்லில் தொடங்குகின்றன. இடது ஓரமாகக் கண்ணை ஓட்டுகிறவருக்கு ஒரே தலைப்பு மூன்று தடவை வந்த மாதிரிதான் தெரியும். அது போக, மூன்றில் ஒன்றுகூட விஷயத்தைச் சொல்லவில்லை. 'கால வரம்பு' சரி, எத்தனை நாள்?

அடுத்த நிலை, பதிலையே தலைப்பாக வைப்பது. "14 நாட்களுக்குள் திருப்பி அனுப்பலாம்." நல்ல தலைப்பு. எண் முதலில் நிற்கிறது, வினை பக்கத்திலேயே இருக்கிறது. அதே வேகத்தில் மூன்றாவதற்கு "பணம் 7 வேலை நாட்களில் திரும்பும்" என்று எழுதத் தோன்றும். இங்கேதான் மதிப்பெண் போகும். மூலப் பத்தியை மறுபடி பாருங்கள், 'ஆய்வுக்குப் பின் 7 வேலை நாட்களுக்குள்'. ஆய்வுக்கு எத்தனை நாள் ஆகும் என்று எங்கேயும் இல்லை. பொருளை அனுப்பிய நாளிலிருந்து ஏழு நாள் எண்ணிக்கொண்டு உட்காரும் ஒருவரை நம் தலைப்பே உருவாக்கிவிடும். 'ஆய்வுக்குப் பின்' என்பதைக் கீழே பத்தியில் எழுதியிருக்கிறேனே என்று வாதாட முடியாது, ஏனென்றால் அந்தப் பத்தியை அவர் படிக்க மாட்டார் என்ற அனுமானத்தில்தான் நாம் தலைப்பையே எழுதுகிறோம்.

அதனால் நான் எழுதுவது இப்படி இருக்கும்:

14 நாட்களுக்குள் திருப்பி அனுப்பலாம்
பொருள் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாள் கணக்கு. குறை இருந்தாலும் அனுப்பலாம், எதிர்பார்த்த மாதிரி இல்லையென்றாலும் அனுப்பலாம். பொருளைப் பயன்படுத்தியிருக்கக் கூடாது.

உறையும் ரசீதும் சேர்த்து அனுப்புங்கள்
பொருள் வந்த அதே உறையில் வைத்து அனுப்புங்கள். ரசீதையும் உள்ளே வையுங்கள்.

பணம், பரிசோதனை முடிந்து 7 வேலை நாட்களில்
திரும்பி வந்த பொருளை நாங்கள் பரிசோதிப்போம். அது முடிந்து 7 வேலை நாட்களுக்குள் பணம் வரும். நீங்கள் எந்த வழியில் செலுத்தினீர்களோ அதே வழியில் வரும்.

தலைப்புகளை மட்டும் படித்துப் பாருங்கள். எத்தனை நாள், எதை அனுப்ப வேண்டும், பணம் எப்போது என்ற மூன்றுக்கும் பதில் இருக்கிறது. மூன்றும் வெவ்வேறு சொல்லில் தொடங்குகின்றன. இரண்டாவது பகுதியைப் புள்ளிப் பட்டியலாக்கலாமா என்று கேட்பீர்கள். இரண்டே இரண்டு பொருளுக்குப் பட்டியல் வேண்டாம், தலைப்பிலேயே அடங்கிவிட்டது. மூன்றுக்கு மேல் போனால் பட்டியல்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பயன்படுத்தாமல் இருக்க வேண்டும் என்கிறது மூலம், குறை இருந்தாலும் திருப்பலாம் என்றும் சொல்கிறது. பயன்படுத்திப் பார்க்காமல் பல குறைகள் தெரியவே தெரியாது. நீண்ட வாக்கியத்துக்குள் இந்த முரண் ஒளிந்துகொண்டிருந்தது, சின்ன வாக்கியமாக்கியதும் அடுத்தடுத்து நின்று முறைக்கிறது. இதை நாமாகச் சரிசெய்து எழுதக் கூடாது, விதியை மாற்றுகிற உரிமை நமக்கு இல்லை. இரண்டையும் மூலத்தில் உள்ளபடியே விட்டுவிட்டு, விடையின் கீழே 'குறையுள்ள பொருளுக்கும் இந்த நிபந்தனை உண்டா என்று உரியவரிடம் கேட்க வேண்டும்' என்று ஒரு வரி எழுதுங்கள். வேலையிலும் இதைத்தான் செய்வோம்.

பத்தியைச் சின்னதாக்குவது பற்றி

பயிற்சி வகுப்பில் ஒரு வெறி இருந்தது, ஒரு வாக்கியத்துக்கு ஒரு பத்தி. கூடப் படித்த ஒரு தோழி அதை அப்படியே நம்பி எல்லாவற்றையும் ஒற்றை வரியாக வெட்டினாள், வாக்கியத்துக்கு வாக்கியம் இடைவெளி. அப்படி எழுதினால் எல்லா வரியும் ஒரே அளவு முக்கியமாகத் தெரியும், அதாவது எதுவுமே முக்கியமாகத் தெரியாது. கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் வழுக்கிக்கொண்டு போகும். 'ஆனால்', 'அதனால்' போன்ற சொற்களும் வெட்டில் விழுந்துவிடும், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் என்ன உறவு என்று வாசகரே ஊகிக்க வேண்டும்.

நான் வைத்துக்கொள்கிற அளவு: ஒரு பத்தி ஒரு கேள்விக்குப் பதில். அது இரண்டு வாக்கியமாகவும் இருக்கலாம், நாலாகவும் இருக்கலாம். இரண்டாவது கேள்வி எட்டிப் பார்த்தால் புதுப் பத்தி.

தடித்த எழுத்து தலைப்பு ஆகாது

குறிநிரலோடு விடை கேட்டால் இதை விட்டுவிடாதீர்கள்:

```html
<p><b>உறையும் ரசீதும்</b></p>
<h2>உறையும் ரசீதும்</h2>
```

திரையில் இரண்டையும் ஒரே மாதிரி காட்டிவிடலாம். திரைவாசிப்பானுக்கு முதலாவது வெறும் பத்தி, இரண்டாவதுதான் தலைப்பு. என்விடிஏ போன்ற திரைவாசிப்பானில் பார்வையற்றவர்கள் `H` விசையைத் தட்டித் தட்டி தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுவார்கள். பார்வையுள்ளவர் கண்ணால் மேய்வதை அவர்கள் அந்த விசையால் செய்கிறார்கள். முதல் வகையில் எழுதினால் அந்தத் தாவலில் உங்கள் தலைப்பு இல்லவே இல்லை. எழுத்து சிறிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக `h2`-க்கு அடுத்து `h4` போடுவதும் வேண்டாம். அளவை வடிவமைப்பு பார்த்துக்கொள்ளும், எண் என்பது எது எதற்கு உள்ளே வருகிறது என்பதைச் சொல்ல.

முதல் தாள், அந்த எரிச்சல்

ஆய்வுகள் கேட்பார்கள். 1997-இல் வலைப் பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் எழுதியது: சோதனையில் கலந்துகொண்டவர்களில் 79 சதவீதம் பேர் புதுப் பக்கத்தை மேலோட்டமாகவே பார்த்தார்கள், சொல் சொல்லாகப் படித்தவர்கள் 16 சதவீதம். 2006-இல் அவர் வாசகர்களின் கண் அசைவைப் பதிவு செய்து சொன்னது, பார்வை பெரும்பாலும் ஆங்கில எஃப் வடிவத்தில் ஓடுகிறது என்பது. இந்த இரண்டும் போதும்.

ஆனால் வகுப்பில் எஃப் வடிவத்தை ஏதோ நாம் பின்பற்ற வேண்டிய இலட்சியம் மாதிரி சொல்லிக்கொடுக்கிறார்கள். தலைப்பும் பிரிவும் இல்லாத எழுத்துச் சுவரின் முன் வாசகர் சலித்துப்போய்ச் செய்வதுதான் எஃப். கீழே போகப் போக வரிகளின் வலது பாதியை அவர் விட்டுவிடுகிறார், முக்கியமானது அங்கே இருந்தால் போச்சு. நல்ல தலைப்புகள் இருக்கிற பக்கத்தில் பார்வை தலைப்பிலிருந்து தலைப்புக்கு இறங்கி, தேவையான இடத்தில் மட்டும் உள்ளே போகும். இதை விளக்கமாக எழுதியவர்களுக்கு ஒன்றும் கூடுதலாகக் கிடைக்கவில்லை, படம் வரைந்து பெயர் எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண். சரி, விடுங்கள். முதல் தாளில் படத்தை வரைந்துவிட்டு, விளக்கத்தை இரண்டாம் தாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அவசரமாகச் சில:

- முன்னுரை வரி எழுதாதீர்கள். 'எங்கள் தளத்துக்கு வருகை தந்தமைக்கு நன்றி' மூலத்தில் இருந்தால் தூக்கிவிடுங்கள்.
- 'இங்கே சொடுக்கவும்' என்று இணைப்பு வைக்காதீர்கள். 'திருப்பும் படிவம்' என்று எதற்குப் போகிறதோ அதன் பெயரையே இணைப்பாக்குங்கள்.
- நாட்களையும் தொகையையும் எண்ணாகவே எழுதுங்கள். 'பதினான்கு' எழுத்துகளுக்கு நடுவே மறைந்துவிடும், 14 மறையாது.
- 'வழங்கப்படும்', 'பெறப்படும்' வந்தால் யார் வழங்குவது, யார் பெறுவது என்று கேட்டு அந்த ஆளை வாக்கியத்துக்குள் கொண்டுவாருங்கள்.
- நேரம் மிஞ்சினால் அலங்காரம் சேர்க்காமல், மூலத்தில் உள்ள ஒவ்வொரு எண்ணும் ஒவ்வொரு நிபந்தனையும் விடையில் இருக்கிறதா என்று விரல் வைத்துச் சரிபாருங்கள். மேலே உள்ள பத்தியில் அவை இரண்டு எண், ஐந்து நிபந்தனை: கைக்கு வந்த நாள், பயன்படுத்தாதது, உறை, ரசீது, ஆய்வு. 'அதே வழியில்' என்பது வேறு தனியாக இருக்கிறது, அதிகம் பேர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.