பேசின் ஒன்று, தலை மூன்று

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு பியூட்டி சலூனை நான் பார்த்துக்கொள்கிறேன். நாற்காலி நான்கு, தலை அலசும் பேசின் ஒன்றே ஒன்று. பத்து மணிக்குக் கதவு திறக்கும். 9:45க்கு எல்லோரும் நின்றுகொண்டே பத்து நிமிடம் பேசுவோம். உட்கார்ந்தால் டீ வரும், டீ வந்தால் அரை மணி நேரம் போய்விடும்.

ஆரம்பத்தில் நானே புக்கிங் நோட்டை வாசித்தேன். அப்புறம் நேற்றைய வசூல் குறைந்ததைச் சொல்லித் திட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள், யாரும் கேட்கவில்லை. இப்போது நோட்டை ஆளுக்கொரு நாள் வாசிக்கிறார்கள். திட்ட வேண்டியிருந்தால் அதைச் சாயங்காலம் தனியாகச் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. 11:00க்கு வேர் நரைக்குக் கலர் போடும் ரூட் டச்-அப் ஒன்று, 11:15க்கு இன்னொன்று, 11:30க்கு ஹேர் ஸ்பா. ஆள் மூன்று பேர், நாற்காலியும் இருக்கிறது, சரி என்று அடுத்த வரிக்குப் போகப் பார்த்தேன். தலை அலசிவிடும் பெண், வந்து இரண்டே மாதம் ஆனவள், "அக்கா, பன்னெண்டு மணிக்கு மூணு தலையும் எங்கிட்டதான் வருது" என்றாள்.

கணக்குப் போட்டோம். கலர் தடவ அரை மணி, ஊற 35 நிமிடம். முதல் தலை 12:05க்கு பேசினுக்கு வரும், இரண்டாவது 12:20க்கு. ஸ்பா கிரீமை அலசுவதும் 12:15 வாக்கில்தான். ஒரு தலைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். ஸ்பா கிரீம் சற்றுக் காத்திருக்கும், கலர் காத்திருக்காது. நேரம் தாண்டினால் நிறம் கூடும், தலை எரியும். உடனே ஸ்பா வாடிக்கையாளருக்குப் போன் போட்டு 12:30க்கு மாற்றினோம். நோட்டில் இருப்பது வரும் நேரம் மட்டும். பேசினுக்குப் போகும் நேரத்தையும் பென்சிலால் பக்கத்தில் எழுதுவது அன்றிலிருந்துதான்.

இலக்கையும் மாதக் கணக்கில் சொல்வதில்லை. "இன்றைக்கு 14,000 வேண்டும், புக்கிங்கில் 9,500 இருக்கிறது, மீதி யாரிடம்?" என்று கேட்பேன். நான்கு மணிக்கு முடி வெட்ட வருகிறவர் கலர் போட்டு ஆறு வாரம் ஆகிறது, வேர் வெள்ளை தெரியும், அவரிடம் கேட்கலாம் என்று யாராவது பெயர் சொல்வார்கள். எப்போதும் வருகிறவர் என்றாலும் பழைய கலர் ஒத்துக்கொண்டதா, வேறு கலர் என்றால் 48 மணி நேரத்துக்கு முன்பே சோதித்துப் பார்க்க முடியுமா என்பதையும் கேட்டாக வேண்டும்.

சேவைத் தரம் ஒரு நாளைக்கு ஒன்றுதான். ஒரு நாள் தண்ணீர்ச் சூட்டை முதலில் தன் மணிக்கட்டில் பார்ப்பது, இன்னொரு நாள் வாடிக்கையாளர் கண்முன்னே புது டவல் விரிப்பது. சொன்னால் மறக்கிறார்கள் என்பதால் ஒருவரை உட்காரவைத்துச் செய்தே காட்டுகிறோம்.

முகூர்த்த நாளில் இது நடக்காது. மணப்பெண் அலங்காரத்துக்குப் பாதிப் பேர் விடிகாலை நான்கு மணிக்கே கிளம்பிவிடுவார்கள். அந்தப் பத்து நிமிடத்தை முந்தைய நாள் கடை மூடும்போது, பெட்டி அடுக்கிக்கொண்டே முடித்துவிடுகிறோம்.